பேமென்ட் கேட்வே பணத்தை நிறுத்தி வைத்தால் எப்படி எழுதிக் கேட்பது?

கேள்வி: செட்டில்மென்ட் வரவில்லை. கேட்டால் "ரிவ்யூவில் இருக்கிறது" என்கிறார்கள், காரணம் சொல்வதில்லை. என்ன செய்வது?

முதலில் இது தாமதமா, நிறுத்திவைப்பா என்று பாருங்கள். டாஷ்போர்டில் அந்தப் பணத்துக்கு செட்டில்மென்ட் ஐடி உருவாகியிருந்தால், பெரும்பாலும் கேட்வே அனுப்பிவிட்டது, வங்கி வழியில் எங்கோ நிற்கிறது என்று அர்த்தம். வங்கிப் பரிமாற்றத்தின் ரெஃபரன்ஸ் எண்ணை வாங்கி உங்கள் வங்கியில் கேட்டால் போதும். பேமென்ட் வெற்றி என்று காட்டியும் ஒப்பந்தத்தில் சொன்ன நாள் தாண்டி ஐடியே இல்லையா, அப்படியென்றால் பெரும்பாலும் ரிஸ்க் டீம்தான் கை வைத்திருக்கிறது. கஸ்டமர் கேரில் பேசுபவருக்கும் காரணம் தெரிந்திருக்காது, அவரிடம் கத்திப் பயனில்லை.

எனக்கு நடந்தது இதுதான். கணக்கு திறக்கும்போது சின்னச் சின்ன ஆர்டர்கள்தான் வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், திடீரென ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கி ஒரே கார்டில் கட்டியது. அந்த ஒரு ஆர்டரை மட்டும் நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, எல்லா செட்டில்மென்ட்டையும் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பயம் என்னவென்றால், விசா, மாஸ்டர்கார்டு விதிப்படி பல வகைப் புகார்களுக்கு வாடிக்கையாளருக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பொருள் வரவில்லை என்று அவர் தன் கார்டு வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டு சார்ஜ்பேக் போட்டு, அதற்குள் நாம் கடையை மூடிவிட்டால் நஷ்டம் அவர்கள் தலையில் விழும். பயம் நியாயம்தான், ஆனால் அதை ஒரு வரி எழுதிச் சொல்ல என்ன கேடு?

"என் பணம் எங்கே" என்று போட்ட டிக்கெட்டுக்கெல்லாம் ரெடிமேட் பதில்தான் வந்தது. அப்புறம் புகார்ப் பிரிவுக்கே மெயில் போட்டேன்: எந்தெந்த பேமென்ட் ஐடி, மொத்தம் எவ்வளவு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி நிறுத்தினீர்கள், என்ன ஆவணம் வேண்டும், எந்தத் தேதியில் விடுவிப்பீர்கள். கூடவே பில், கூரியரின் டெலிவரி சான்று, வாங்கியவர் ஆர்டரை உறுதி செய்த மெயில் மூன்றையும் இணைத்தேன். அதற்குத்தான் ஒரு மனிதர் பதில் எழுதினார். பணம் வந்தது, ஆனால் ஒரு பங்கை ரோலிங் ரிசர்வ் என்று பிடித்துக்கொண்டார்கள். இது பலரிடம் 5 முதல் 10 சதவீதம், ஆறு மாதம் வரை இருக்கும். விகிதத்தையும் திரும்பி வரும் தேதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பணம் வரட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று ஏற்கனவே வந்த ஆர்டர்களை நிறுத்தி வைக்காதீர்கள். பொருள் போகாவிட்டால் சார்ஜ்பேக் வரும், அவர்கள் சந்தேகம் உறுதியாகிவிடும். சரியாகிவிட்டதா என்று பார்க்க சொந்தக் கார்டில் பணம் கட்டுவதும் வேண்டாம், கார்டிலிருந்து ரொக்கம் எடுக்கும் மோசடி மாதிரி தெரியும்.

பதிலே இல்லையென்றால், கேட்வேக்குப் பின்னால் கார்டு பணத்தை வாங்கித் தரும் அக்வயரிங் வங்கியின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். அடுத்த புகார் அங்கே, அதற்கும் மேலே உங்கள் நாட்டில் பேமென்ட் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்புக்கு. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது கேட்வேக்கு எழுதிய மெயிலைத்தான், அதனால் போனில் பேசினாலும் அன்றே அதை மெயிலாகவும் போட்டு வையுங்கள்.