ஒப்பந்தம் முறிந்த பின் எந்தக் கணக்கில் இழப்பீடு கேட்பது: கேள்வி பதில்

ஈரோட்டில் துணிப்பை தைப்பவர்: ஒரு கடை நிறுவனம் பை ஒன்றுக்கு 40 ரூபாய் என்று 10,000 பைகளுக்கு எழுத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டு, பாதி வேலையில் வேண்டாம் என்றுவிட்டது. துணிக்கும் அச்சுக்கும் தையல் கூலிக்குமாக 1,40,000 ரூபாய் போட்டிருக்கிறேன். முடிக்க இன்னும் 1,70,000 ஆகியிருக்கும். நான் எவ்வளவு கேட்கலாம்?

இதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவை. முதலாவது, அந்த நிறுவனம் சொன்னபடி நடந்துகொண்டிருந்தால் நீங்கள் இன்று எந்த நிலையில் இருந்திருப்பீர்கள் என்று கேட்கிறது. இதை எதிர்பார்ப்பு இழப்பீடு என்போம். இரண்டாவது, இந்த ஒப்பந்தத்தையே நீங்கள் செய்திராவிட்டால் எந்த நிலையில் இருந்திருப்பீர்கள் என்று கேட்கிறது. ஒப்பந்தத்தை நம்பிச் செலவிட்டது மட்டும் இதில் திரும்பி வருகிறது.

வெட்டாத துணியை விற்றால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை. 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட துணியை யாரும் வாங்கமாட்டார்கள். ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் 4,00,000 வரவு, 3,10,000 செலவு, கையில் நிற்பது 90,000. இப்போதோ 1,40,000 போய், 50,000 மட்டும் திரும்பி, 90,000 பள்ளத்தில் நிற்கிறீர்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள 1,80,000 ரூபாய்தான் எதிர்பார்ப்பு இழப்பீடு. இரண்டாவது கணக்கில் பள்ளத்தை நிரப்பினால் போதும், அதாவது 90,000.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-ஆம் பிரிவின்படி, முறிவினால் இயல்பாக விளையும் இழப்பும், ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த இழப்பும் கேட்கத்தக்கவை. விலையும் அளவும் எழுத்தில் இருந்து, மீதிச் செலவையும் பழைய பில்களால் காட்ட முடிகிற உங்களைப் போன்றவர் முதல் கணக்கைத்தான் பிடிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்ற செய்தி வந்த நாளுக்குப் பிறகு அந்த ஆர்டருக்காக ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள். இழப்பைக் குறைக்க உங்களிடம் என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

கணக்காளர் ஒருவர்: ஒருவர் லாபத்தையும் கேட்டுச் செலவையும் கேட்டால் ஒரே இழப்புக்கு இரு முறை பணம் வாங்குவதாகாதா? ஏதாவது ஒன்றைத்தான் கேட்க முடியும் என்று படித்திருக்கிறேன்.

நீங்கள் படித்தது பாதி சரி. 4,00,000 ரூபாய் மொத்த விலையையும் கேட்டு, செலவழித்த 1,40,000-ஐயும் கேட்டால் அது இரட்டை வசூல். ஏனென்றால் அந்தச் செலவை விலையிலிருந்துதான் அவர் மீட்டிருப்பார். நான் கூட்டியது 90,000 நிகர லாபத்தையும் வீணான செலவையும். நிகர லாபம் என்பது செலவு கழிந்தபின் நிற்பது. ஆகவே அந்தச் செலவைத் திருப்பித் தராமல் லாபத்தை மட்டும் கொடுத்தால், அவர் எதிர்பார்த்த நிலைக்குப் போய்ச்சேரவே மாட்டார். விலையிலிருந்து மிச்சமான செலவு 1,70,000-ஐயும் துணி விற்ற 50,000-ஐயும் கழித்துப் பாருங்கள். அதே 1,80,000 வரும்.

மதுரையில் பேக்கரி தொடங்குபவர்: அடுப்பு விற்பவர் தருவதாகச் சொன்ன தேதியில் தரவில்லை, இப்போது தரவே முடியாது என்கிறார். கடை வாடகை, உள்ளலங்காரம் எல்லாம் செய்துவிட்டேன். மாதம் ஒரு லட்சம் லாபம் வந்திருக்கும் என்பது என் மதிப்பீடு. அதைக் கேட்கலாமா?

அம்மா, உங்கள் நிலை ஈரோட்டுக்காரரின் நிலைக்கு நேர்மாறானது. இன்னும் திறக்காத கடைக்கு விற்பனைப் பதிவேடு கிடையாது. மாதம் ஒரு லட்சம் என்பது உங்கள் நம்பிக்கை. நீதிமன்றத்துக்கு அது வெறும் ஊகம். லாபத்தை நிறுவ முடியாத இத்தகைய இடத்தில்தான் இரண்டாவது கணக்கு கைகொடுக்கிறது. 1951-இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் தீர்த்த மெக்ரே வழக்கில், ஓர் அரசு ஆணையம் கடலில் ஒரு பாறைத்திட்டில் கிடப்பதாகச் சொல்லி ஒரு எண்ணெய்க் கப்பலின் உடலை விற்றது. வாங்கியவர்கள் மீட்புப் பயணம் கிளம்பிப் போய்ப் பார்த்தால் அங்கே கப்பலே இல்லை. இல்லாத கப்பலிலிருந்து எவ்வளவு லாபம் வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பயணத்துக்கு ஆன செலவைச் சொல்ல முடியும். நீதிமன்றம் அதைக் கொடுக்கச் சொன்னது.

ஆனால் உங்கள் செலவெல்லாம் வீணாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளலங்காரம் உங்கள் கடையில்தான் இருக்கிறது, வேறு அடுப்பு வந்தாலும் அது பயன்படும். ஆகவே அதைக் கேட்க முடியாது. வேறொருவரிடம் அதே வகை அடுப்பை நியாயமான காலத்துக்குள் வாங்குங்கள். கூடுதலாகக் கொடுத்த விலையையும், அதுவரை கடை சும்மா கிடந்த நாட்களின் வாடகையையும் கேளுங்கள். வாங்காமல் ஆறு மாதம் காத்திருந்துவிட்டு ஆறு மாத வாடகையைக் கேட்டால், பெரும்பகுதி தள்ளுபடியாகும். கடை திறப்பு இந்த அடுப்பை நம்பியிருக்கிறது என்பது விற்றவருக்கு முன்பே தெரியும் என்று காட்டும் கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

சட்ட மாணவர்: அப்படியென்றால் நஷ்டத்தில் போகும் ஒப்பந்தத்தில், லாபத்தை விட்டுவிட்டுச் செலவை மட்டும் கேட்பது புத்திசாலித்தனம் அல்லவா?

நல்ல கேள்வி. ஈரோட்டுக் கணக்கையே மாற்றிப் பார்ப்போம். துணி விலை ஏறி, மீதி வேலைக்கு 3,20,000 ஆகும் என்று வையுங்கள். மொத்தச் செலவு 4,60,000, விலை 4,00,000. ஒப்பந்தம் நிறைவேறியிருந்தாலே 60,000 நஷ்டம். இப்போது எதிர்பார்ப்புக் கணக்கு 30,000 ரூபாயாகச் சுருங்குகிறது. செலவுக் கணக்கோ அதே 90,000-இல் நிற்கிறது. 90,000-ஐக் கொடுத்தால், அவர் தன் தலையில் ஏற்றிக்கொண்ட 60,000 நஷ்டத்தை ஒப்பந்தத்தை முறித்தவர் தலைக்கு மாற்றியதாகிவிடும். 1983-இல் சி அண்ட் பி ஹாலேஜ் எதிர் மிடில்டன் வழக்கில் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மறுத்தது. ஆனால் அந்த நஷ்டத்தை நிரூபிக்கும் பொறுப்பு முறித்தவருடையது என்று 1984-இல் சிசிசி ஃபிலிம்ஸ் வழக்கில் சொல்லப்பட்டது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை, வழிகாட்டிகளாக எடுத்துக்காட்டப்படுபவை. நடைமுறையில் இந்தப் பொறுப்பு யார் மேல் விழுகிறது என்பதில்தான் வழக்கின் வெற்றி தங்கியிருக்கிறது.

இன்னொருவர்: ஒப்பந்தத்துக்கு முன்பே செய்த செலவு சேருமா?

1971-இல் ஆங்கிலியா டெலிவிஷன் எதிர் ரீட் வழக்கில் சேர்ந்தது. நடிகர் விலகிக்கொண்டதால் படம் கைவிடப்பட்டது. ஒப்பந்தத்துக்கு முந்தைய செலவும் உள்ளிட்ட 2,750 பவுண்டு கொடுக்கச் சொன்னார் நீதிபதி டென்னிங். முறிந்தால் அந்தச் செலவு வீணாகும் என்பது நடிகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே காரணம். விமர்சிக்கப்பட்ட தீர்ப்பு இது. ஒப்பந்தம் செய்திராவிட்டாலும் போயிருக்கும் பணத்தை, ஒப்பந்தத்தை நம்பிச் செலவிட்டதாக எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு எனக்கும் முழு நிறைவான விடை கிடைக்கவில்லை.

கணக்காளர்: திரும்பி வருகிறேன். ஈரோட்டுக்காரரின் செலவில் கொட்டகை வாடகை இல்லையே. அந்த மாத வாடகையில் 15,000 இந்த ஆர்டரின் பங்கு. அதைச் சேர்த்தால் லாபம் 75,000-தான். உங்கள் 1,80,000 தவறு.

உங்கள் புத்தகத்தில் லாபம் 75,000 என்று எழுதுவது சரி. இழப்பீட்டுக்கு அது பொருந்தாது. ஆர்டர் நடந்திருந்தாலும் வாடகை போயிருக்கும், நின்றபோதும் போகிறது. முறிவினால் மிச்சமான செலவைத்தான் விலையிலிருந்து கழிக்க வேண்டும். மிச்சமாகாத வாடகையைக் கழித்தால், முறித்தவருக்கு 15,000 ரூபாயைச் சும்மா கொடுத்ததாகும்.

கணக்காளர்: ஆனால் கொட்டகை காலியானதால் அதே மாதம் வேறு ஆர்டர் எடுத்திருந்தால்?

இது உண்மையான சிக்கல். இயந்திரங்கள் காலியானதால்தான் அந்த ஆர்டரை எடுக்க முடிந்தது என்றால் அதன் லாபம் கழியும். இரண்டையும் ஒரே சமயத்தில் தைக்கும் திறன் அவருக்கு இருந்திருந்தால் கழியாது. எது உண்மை என்பதை ஆர்டர் பதிவேடும் ஆள்வருகைப் பதிவேடும்தான் சொல்லும். சிறிய தொழில்களில் இரண்டாவது பதிவேடு பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் இது சாட்சி சொல்பவரின் வாய்மொழியில் முடிகிறது.

ஒப்பந்தக்காரர்: இவ்வளவு கணக்கு எதற்கு? அரசு வேலையில் 15 சதவீதம் கொடுக்கிறார்களே.

1984-இல் பிரிஜ் பால் சிங் எதிர் குஜராத் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மீதி வேலையின் மதிப்பில் 15 சதவீதத்தை லாப இழப்பாகக் கொடுத்தது உண்மை. அதை எல்லா ஒப்பந்தத்துக்கும் ஒட்டும் விகிதமாகக் கொள்ள வேண்டாம். உங்கள் வேலையில் உண்மையான லாபத்தைக் காட்ட முடிந்தால் அதையே காட்டுங்கள்.

திருப்பூரிலிருந்து: ஆர்டர் ரத்தானதால் என்னிடம் காசில்லாமல் ஒரு பெரிய ஏற்றுமதி ஆர்டரும் கைநழுவியது. அதையும் கேட்கலாமா?

ஒப்பந்தம் செய்த நாளில், ஆர்டரை ரத்து செய்தவருக்கு அந்த ஏற்றுமதி ஆர்டரைப் பற்றித் தெரியாது என்றால் முடியாது. 73-ஆம் பிரிவின் ஓர் உதாரணத்திலேயே, ஆலை இயந்திரத்தைத் தாமதமாகக் கொண்டுவந்தவர் ஆலை ஓடாத நாட்களின் சராசரி லாபத்துக்குப் பொறுப்பாகிறார். கைநழுவிய அரசு ஒப்பந்தத்துக்குப் பொறுப்பாவதில்லை. ஆலை நின்றிருப்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஈரோடு: 40,000 முன்பணம் வாங்கியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு 1,80,000-உம் கேட்கலாமா?

கூடாது. முன்பணத்தைக் கழித்து 1,40,000 கேளுங்கள்.

வேறொருவர்: முன்பணத்தை அப்படியே பறிமுதல் செய்துகொள்ளலாம் அல்லவா?

இழப்பே ஏற்படாதவர் முன்பணத்தைப் பறிக்க முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் இழப்பைக் கணக்கிட்டுவிட்டு வந்து கேளுங்கள்.

சேலத்திலிருந்து: ரத்து செய்தி வந்த பின்னும் தைத்துமுடித்துவிட்டேன், பொருள் தயாராக இருக்கிறது.

மேலே சொன்ன எச்சரிக்கையைத் திரும்பச் சொல்கிறேன்: செய்தி வந்த நாளுக்குப் பிறகான கூலி உங்கள் கையைக் கடிக்கும். தைத்த பைகளைக் கிடைக்கும் நல்ல விலைக்கு இப்போதே விற்று, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பேர் அச்சிடாதவை என்றால் வாங்குவோர் இருப்பார்கள். செய்தி வந்த நாளின் கணக்கைத் தனியாக எழுதி வைத்து, அந்நாள் வரையிலான செலவையும் அன்று மீதியிருந்த செலவையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். முறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.