‘கல்லு பழகல’ என்று எழுதுகிறவரிடம் ‘சீசனிங்’ என்று பேசுகிறீர்கள்

கேள்வி: நாங்கள் வார்ப்பிரும்பு தோசைக்கல்லை இணையத்தில் விற்கிறோம். மதிப்புரைகளில் வாடிக்கையாளர்கள் எழுதும் வார்த்தைகளையே எடுத்து விவரிப்பில் போட்டால் விற்பனை கூடும் என்கிறார்கள். எங்களிடம் இருப்பவை 86 மதிப்புரைகள், அனுப்பியிருக்கிறேன். ஒரு ஏஜென்சி 15,000 ரூபாய்க்கு இதைச் செய்து தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா, நாங்களே செய்துகொள்ள முடியுமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 86 மதிப்புரைகளை ஒரு பிற்பகலில் படித்துவிடலாம். படிக்க வேண்டியவரும் நீங்கள்தான். கல்லைப் பற்றிய புகார் எது, கூரியர்காரரைப் பற்றிய புகார் எது என்று பிரித்துச் சொல்ல உங்களால்தான் முடியும்.

இத்தகைய ஏஜென்சிகள் கொடுக்கும் அறிக்கைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதிகம் வந்த சொற்களைப் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு வண்ணப்படம் இருக்கும். அதன் நடுவில் ‘நல்ல’, ‘சூப்பர்’, ‘தோசை’ என்று கொட்டை எழுத்தில் நிற்கும். தோசைக்கல்லை வாங்கியவர்கள் தோசை என்று எழுதுவார்கள் என்பதைக் கண்டுபிடிக்கப் பதினைந்தாயிரம் தேவையில்லை. இதைவிட ஆபத்தானது, பேச்சின் கடைசியில் அவர்கள் மெதுவாகச் சொல்லும் இன்னொரு யோசனை: “மதிப்புரை குறைவாக இருக்கிறதே, ஐம்பது அறுபது நாங்களே போட்டுத் தருகிறோம்.” விற்பவர் வாடிக்கையாளர் வேடத்தில் மதிப்புரை எழுதக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடும் முறைக்கு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும் வந்தது. வந்தபோதே அதைக் கட்டாயமாக்காமல், விரும்பினால் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டார்கள். விரும்பினால் நேர்மையாக இருக்கலாம் என்று வியாபாரிகளிடம் சொல்லிப் பயன் என்ன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். போலி மதிப்புரைகள் ஒருமுறை கலந்துவிட்டால், அடுத்த ஆண்டு நீங்கள் சொல் தேடும்போது கிடைப்பது வாங்கியவரின் பேச்சாக இருக்காது. ஏஜென்சிக்காரர் எழுதியதையே திரும்ப எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு விரிதாளில் முதல் வரியைத் தலைப்புகளுக்கு விட்டுவிட்டு, முதல் பத்தியில் நட்சத்திர எண்ணிக்கையையும், இரண்டாவது பத்தியில் மதிப்புரையையும் ஒட்டிக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். ‘துரு புடிக்கிது’ என்றிருந்தால் அப்படியே இருக்கட்டும். மூன்றாவது பத்தியில், அந்த வரியை எழுதியவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை உங்கள் சொற்களில் குறியுங்கள்: முதல் தோசை வார்த்தார், கழுவினார், அலமாரியிலிருந்து எடுத்தார் என்பது போல.

நீங்கள் அனுப்பியவற்றில் 41 மதிப்புரைகள் ‘சூப்பர்’, ‘குட் பிராடக்ட்’ என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. மனம் குளிரும், ஆனால் அவற்றில் எடுக்க ஒன்றுமில்லை. மீதி 45இல் மூன்று, நான்கு நட்சத்திரம் கொடுத்தவர்களை முதலில் படியுங்கள். முழு நட்சத்திரம் கொடுப்பவர் காரணம் சொல்வது அரிது; ஒற்றை நட்சத்திரக்காரர் பெரும்பாலும் உடைந்து வந்ததையோ தாமதத்தையோ திட்டியிருப்பார். நடுவில் நிற்பவர்தான் என்ன எதிர்பார்த்து வாங்கினார், எது இடித்தது என்று இரண்டையும் எழுதுகிறார். உங்கள் பட்டியலில் எனக்குக் கிடைத்த சிறந்த வரி நான்கு நட்சத்திர மதிப்புரை ஒன்றில் இருக்கிறது: “மூணு நாள் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, திருப்பி அனுப்பலாம்னு பாத்தேன், அம்மா வெங்காயம் தேச்சு பழக்கினாங்க, இப்ப நல்லா முறுகலா வருது.”

உங்கள் தற்போதைய விவரிப்பு ‘ப்ரீ-சீசன்டு, பிரீமியம் நான்-ஸ்டிக் பெர்ஃபாமன்ஸ்’ என்கிறது. 86 பேரில் ஒருவர்கூட ‘சீசனிங்’ என்று எழுதவில்லை. அவர்கள் ‘பழகல’, ‘பழக்கணுமா’, ‘பழகிருச்சு’ என்கிறார்கள். எத்தனை பேர் என்று எண்ண இந்தச் சூத்திரம் போதும்:

```
=COUNTIF(B2:B87,"*பழக*")
```

சொல்லின் வேரை மட்டும் கொடுக்க வேண்டும். ‘பழக’ என்று தேடினால் பழகல, பழகிருச்சு, பழக்கின எல்லாம் அகப்படும். அதேபோல் ‘ஒட்டு’ என்று தேடாமல் ‘ஒட்ட’ என்று தேடுங்கள். ‘ஒட்டிக்கிட்டே இருந்துச்சு’ என்பதும் அப்போதுதான் எண்ணிக்கைக்குள் வரும். ஆனால் புகழ்ச்சியான ‘ஒட்டாம வருது’ என்பதும் அதோடு சேர்ந்துவிடும். ஆகவே எண் எந்த வரிகளைப் படிக்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவே. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவர்களின் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், அவர்களைக் கண்ணால்தான் எண்ண வேண்டும். இப்படி எண்ணியதில் பழக்குவதைப் பற்றி எழுதியவர்கள் 14 பேர். ஏறக்குறைய அனைவரும் முதல் வாரத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ‘ஒட்டுது’ என்ற புகாரைப் பார்த்தவுடன் ‘ஒட்டவே ஒட்டாது’ என்று விளம்பரத்தில் எழுதிவிடுகிறார்கள். வார்ப்பிரும்பு புதிதில் ஒட்டத்தான் செய்யும். அந்த வாக்குறுதி முதல் தோசையிலேயே பொய்த்து, கல் திரும்பி வரும். புகாரில் உள்ள சொல்லை எடுங்கள், ஆனால் உண்மையான பதிலோடு வையுங்கள். முதல் வரியை நான் இப்படி மாற்றுவேன்: “எண்ணெய் தடவிச் சுட்டு, ஓரளவு பழக்கிய கல். முதல் இரண்டு மூன்று நாள் தோசை ஒட்டலாம். நல்லெண்ணெய் விட்டு வெங்காயம் தேய்த்துப் பழக்கினால் பிறகு முறுகலாக வரும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துரு பிடிக்கும்.” ‘பழக்கு’, ‘ஒட்டு’, ‘முறுகல்’, ‘துரு’ ஆகிய நான்கும் வாங்கியவர்களின் சொற்கள். முழு மதிப்புரையை மேற்கோளாகவோ எழுதியவரின் பெயரோடோ போடாதீர்கள். அது அவர் எழுதியது, பல தளங்களின் பொருள் பக்க விதிகளும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் பட்டியலில் ஒருவர், “இந்தக் கல்லுல சமைச்சதுல இருந்து ரத்த சோகை போயிருச்சு” என்று எழுதியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால், குறிப்பாகப் புளிப்பான உணவில், சிறிது இரும்பு சேர்வதும் உண்மை. ஆனாலும் அந்தச் சொல்லை நீங்கள் தொடக் கூடாது. அவர் சொன்னால் அது ஒருவரின் அனுபவம். அதையே உங்கள் விவரிப்பில் எழுதினால், நோயைத் தீர்ப்பதாக விற்பவர் செய்யும் உரிமைகோரலாகிவிடும், அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியவரும் நீங்களே. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ‘வாடிக்கையாளர் சொன்னதைத்தானே போட்டோம்’ என்பதை ஒரு சமாதானமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ‘ரத்தம் ஊறும்’, ‘உடம்புக்குத் தெம்பு’ என்று சுற்றி வளைத்து எழுதினாலும் பொருள் அதேதான். நோய், மருந்து, உடல் சம்பந்தமான சொல் எதுவானாலும் அந்த வரிக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி ஒதுக்கிவிடுங்கள்.

மாற்றத்தைச் செய்தபின் விலையையும் படத்தையும் ஆறு வாரம் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. விற்பனையை மட்டும் பார்க்காதீர்கள், பண்டிகைக் காலம் அதைக் குழப்பிவிடும். ‘பழக்கணுமா?’ என்று வரும் கேள்விகள் குறைகின்றனவா, திருப்பி அனுப்புவோர் ‘ஒட்டுகிறது’ என்று காரணம் சொல்வது குறைகிறதா என்று பாருங்கள். திருப்பி அனுப்பும் காரணத்தைத் தளங்கள் ‘எதிர்பார்த்தபடி இல்லை’ என்ற ஒரே பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்து விற்பவரின் கண்ணைக் கட்டிவிடுகின்றன. வாங்கியவர் குறிப்பு எழுதியிருந்தால் அதையும் விரிதாளில் சேர்த்து, 87ஆவது மதிப்புரையாக எண்ணிக்கொள்ளுங்கள்.