கிராண்டில் உள்ள பெயரும் எதிரே நிற்கும் ஆளும்

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் தோட்ட வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்தை ஒட்டி அரை ஏக்கர் நிலம் 75,000 வெள்ளிக்கு வருகிறது. ஏஜண்ட் கூட்டி வந்த அம்மா அசல் கிராண்டும் ஐசியும் காட்டினார். கிராண்ட் 1974-இல் கொடுத்தது. அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஏஜண்ட் கொடுத்த நில அலுவலகக் காகிதத்திலும் அதே பெயர்தான். வெள்ளிக்கிழமைக்குள் 7,500 வெள்ளியை அவர் மகன் கணக்கில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள் ஐயா. அந்த அம்மா ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதற்கு இதுவரை உங்களிடம் ஒரு சான்றும் இல்லை. நில அலுவலகக் காகிதம் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த ஆள்தானா என்று அது சொல்லாது. ஆள்மாறாட்டம் செய்பவர்கள் நுழைவதே இந்த இடைவெளியில்தான்.

நம் தோட்டப் பக்கங்களில் ஒரே பெயரில், அப்பா பெயரும் ஒன்றாகவே இருக்கும்படி, பலர் உண்டு. அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கிராண்டில் பெரும்பாலும் பழைய ஐசி எண்தான் இருக்கும். இன்றைய மைகார்டில் இருப்பது 12 இலக்க எண். இரண்டும் ஒரே ஆளுக்கு உரியவை என்பதைத் தேசியப் பதிவிலாகா மூலம் உறுதிப்படுத்திக் கொண்டு வரச் சொல்லுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இது ஒரு சின்ன அலைச்சல்தான்.

வயதும் எனக்கு இடிக்கிறது. 12 இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். கடைசி இலக்கம் பெண்களுக்கு இரட்டைப்படையாக இருக்கும். இன்று அறுபது வயதுள்ளவர் 1974-இல் பத்து வயதைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். வயது வராத பிள்ளையின் பெயரில் நிலம் பதிய நம் நிலச் சட்டம் இடம் தருவதில்லை. பிற்பாடு வாங்கியோ வாரிசாகவோ அவர் பெயர் ஏறியிருக்கலாம். அப்படியானால் பெயர் மாற்றம் பதிவான தேதி ஆவணத்தில் இருக்க வேண்டும். ஏஜண்ட் கொடுத்த காகிதத்தை ஒதுக்கிவிட்டு, உங்கள் வழக்கறிஞர் மூலம் நில அலுவலகத்தில் புதிதாக ஒரு அதிகாரப்பூர்வத் தேடல் எடுங்கள். அதில் அந்தத் தேதியைப் பாருங்கள். அசல் தொலைந்துவிட்டது என்று சொல்லி அண்மையில் மாற்றுக் கிராண்ட் வாங்கியிருக்கிறார்களா, நிலத்தில் உரிமை கோரி வேறு யாராவது பதிந்த கேவியட், அடமானம், விற்பனைத் தடை எதுவும் உண்டா என்பதையும் பாருங்கள். நிலவரி ரசீதைக் காட்டினால் அதை நம்பிவிடாதீர்கள். வரியை யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

அதிகம் பேர் செய்யாத ஒன்று உண்டு. ஆவணத்தில் பதிவாகியுள்ள உரிமையாளரின் முகவரிக்கு, "உங்கள் நிலத்தை வாங்கப் பேச்சு நடக்கிறது, இது உங்களுக்குத் தெரியுமா?" என்று உங்கள் வழக்கறிஞர் பதிவுத் தபால் அனுப்பட்டும். முகவரி பழையதாகி இருந்தால் பதில் வராமல் போகலாம். ஆனால் உண்மையான உரிமையாளரோ அவர் பிள்ளைகளோ அங்கே இருந்தால், பணம் கைமாறும் முன்பே உண்மை வெளியே வந்துவிடும். நிலத்துக்கு நேரில் போய் பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் விசாரியுங்கள். நிலம் யாருடையது என்று கேட்பதோடு நிற்காமல், உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் என்ற தாய்லாந்துப் பெண்மணியின் நிலத்தை, அவர்போல் நடித்த ஒருவர் விற்றுவிட்டார். அந்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கியவருக்கே நிலத்தைக் கொடுத்தது. தான் யிங் ஹோங் என்பவரின் வழக்கில் 2010-இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லிவிட்டது. ஆகவே போலியிடமிருந்து நேரடியாக வாங்கியவர், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவின்படி நிலத்தை உண்மை உரிமையாளரிடம் இழக்கிறார். பெயர் மாற்றம் பதிவாகிவிட்டாலும் நிலைமை அதேதான். கேவியட் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் போலி ஆளிடமிருந்து உங்களுக்கு எந்த உரிமையும் வருவதில்லை.

மகன் கணக்கு என்பதை ஏற்கவே ஏற்காதீர்கள். அம்மா பெயரில் மகன் கையெழுத்திடப் போகிறார் என்றால் அதிகாரப் பத்திரம் வேண்டும். அது உயர் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும். ஏஜண்ட் காட்டும் வழக்கறிஞரைச் சார்ந்திருக்காமல் உங்களுக்கென ஒருவரை வையுங்கள். அவர் பெயர் வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பணம் அவர் அலுவலகத்தின் கட்சிக்காரர் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். மேலே சொன்ன சோதனைகள் முடியும்வரை பணம் விற்பவரிடம் போகாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிலப் பெயர் மாற்றத்துக்கான 14ஏ படிவத்தில் அந்த அம்மா வழக்கறிஞர் முன் நேரில் வந்து, அசல் மைகார்டைக் காட்டிக் கையெழுத்திட வேண்டும்.

வெள்ளிக்கிழமை என்ற கெடுவைத் தள்ளிவைக்க ஏஜண்ட் இசையவில்லை என்றால் நிலத்தை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது பணம் அனுப்பியிருந்தால் இப்போதே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்துவிடுங்கள்.