ஒரே அளவு நகர்த்திக் கண்டுபிடிக்கும் ஸ்ப்ரெட்

கேள்வி: ஒரு பத்திரத்தின் இசட் ஸ்ப்ரெட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஈல்டிலிருந்து அரசுப் பத்திர வட்டியைக் கழித்தால் போதாதா?

கழிப்பது தோராயத்துக்கு உதவும். ஆனால் எதைக் கழிக்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்பது எளிது.

முகமதிப்பு 100, ஆண்டுக்கு ஒரு முறை 6 கூப்பன், முதிர்வுக்குச் சரியாக 3 ஆண்டுகள், சந்தை விலை 97 என்று கொள்வோம். அரசுப் பத்திரங்களிலிருந்து பெற்ற ஸ்பாட் விகிதங்கள், அதாவது குறிப்பிட்ட ஆண்டில் வரும் ஒற்றை வரவுக்கான விகிதங்கள், 1, 2, 3 ஆண்டுகளுக்கு முறையே 4%, 5%, 6%. ஒவ்வொரு வரவையும் அதனதன் ஸ்பாட் விகிதத்தில் தள்ளுபடி செய்தால் 5.77, 5.44, 89.00 கிடைக்கின்றன, கூட்டினால் 100.21. விலை 97 மட்டுமே என்பதால், மூன்று விகிதங்களோடும் ஒரே z-ஐக் கூட்டி, கீழ்க்காணும் சமன்பாடு பொருந்தும் வரை நகர்த்த வேண்டும். பொருந்தும் அந்த z-தான் இசட் ஸ்ப்ரெட்.

```
97 = 6/(1.04+z) + 6/(1.05+z)^2 + 106/(1.06+z)^3
```

z-ஐ நேரடியாகப் பிரித்தெடுக்க வசதியான சூத்திரம் இல்லை. எனினும் z கூடக் கூட வலப்பக்கம் குறைந்துகொண்டே போவதால், பொருந்தும் விடை ஒன்றுதான். 1.20% வைத்தால் 97.07, 1.25% வைத்தால் 96.94, இடைப்பட்ட 1.23%, அதாவது ஏறத்தாழ 123 அடிப்படைப் புள்ளிகள், விடை. எக்செலில் Goal Seek இதை நொடியில் முடித்துவிடும்.

இப்போது கழித்தல் முறைக்கு வருவோம். இந்தப் பத்திரத்தின் முதிர்வு ஈல்டு ஏறத்தாழ 7.15%. அதிலிருந்து 3 ஆண்டு ஸ்பாட்டான 6%-ஐக் கழித்தால் 115 புள்ளிகள்தான் வரும், ஏனெனில் ஈல்டு என்பது எல்லா வரவுகளுக்கும் பொதுவான ஒரே விகிதம். முதலிரண்டு கூப்பன்களோ 4%, 5% என்ற குறைந்த விகிதங்களோடு ஒப்பிடப்பட வேண்டியவை. 3 ஆண்டு பார் ஈல்டான, அதாவது இதே ஸ்பாட் விகிதங்களில் விலை சரியாக 100 ஆக அமையும் கூப்பன் விகிதமான, 5.92%-ஐக் கழித்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அசலைத் தவணைகளாகத் திருப்பித் தரும் பத்திரங்களிலும், ஸ்பாட் விகிதங்கள் காலத்தோடு மாறும் வளைவு செங்குத்தாக இருக்கும்போதும் அந்த ஒப்பீடு நம்பகமாக இருக்காது.

நடைமுறையில் அதிகம் தவறுவது விலையில்தான். இரு கூப்பன்களுக்கு இடையில் வாங்கும்போது, சேர்ந்த வட்டியையும் உள்ளடக்கிய முழு விலையையே சமன்பாட்டில் இட வேண்டும். மேற்கண்ட பத்திரத்தில் விலை 1 குறைந்தால் ஸ்ப்ரெட் சுமார் 39 புள்ளிகள் உயரும். ஆகவே சேர்ந்த வட்டி விடுபட்டால், பத்திரம் உள்ளதைவிட மலிவாகத் தெரியும். கூப்பன் நாள் நெருங்க நெருங்க உங்கள் z ஏறிக்கொண்டே போய், கூப்பன் தந்ததும் சட்டென விழுந்தால், காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

வெளியீட்டாளர் முன்கூட்டியே திருப்பிச் செலுத்தும் உரிமை கொண்ட பத்திரங்களுக்கு இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. வட்டி மேலும் கீழும் ஆடாது என்ற அனுமானத்தில்தான் வரவுகள் நிலையாக வைக்கப்படுகின்றன. உண்மையில் வட்டி இறங்கினால் அவர் பத்திரத்தைத் திரும்ப அழைத்துவிடுவார். அந்த உரிமையின் விலையும் இசட் ஸ்ப்ரெட்டுக்குள் கலந்திருப்பதால், அதை நீக்கிய ஆப்ஷன் சரிக்கட்டிய ஸ்ப்ரெட்டையே அங்கே ஒப்பிட வேண்டும்.