ஓ.டி. கூடுதலாகக் கேட்கும் முன்

கேள்வி: கரூரில் திரைச்சீலை, மேசை விரிப்பு தைத்து வெளிமாநிலக் கடைகளுக்கு அனுப்புகிறேன். வங்கி ஓ.டி. லிமிட் 20 லட்சமும் எடுத்தாயிற்று. புது ஆர்டருக்கு நூல் வாங்க 60 நாளைக்கு 6 லட்சம் கூடுதலாக வேண்டும். வர வேண்டிய பாக்கி 35 லட்சம், அதில் 5 லட்சம் மூன்று மாதம் தாண்டியது. கையில் சரக்கு 12 லட்சம், நூல் கடைக்குத் தர வேண்டியது 4 லட்சம். ஆர்டர் காப்பியைக் காட்டினால் கிடைக்குமா?

பதில்: ஆர்டர் காப்பியைப் பார்த்தால் பணம் எதற்கு என்று மேனேஜருக்குப் புரிந்துவிடும். எப்போது திரும்பி வரும் என்பதுதான் அவருடைய கவலை. தைத்து அனுப்ப ஒரு மாதம், கடைக்காரர் தவணை 45 நாள் என்றால் அந்த ஆர்டர் பணம் வர 75 நாள் ஆகும். நீங்கள் கேட்பதோ 60 நாள். ஆகவே கடன் அடையப்போவது பழைய பில்களிலிருந்து என்று காட்டுங்கள்.

அப்புறம், சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்து வங்கி எவ்வளவு எடுக்க விடும் என்பதுதான் ட்ராயிங் பவர். அந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சரக்கு 12 லட்சத்தில் நூல் கடை பாக்கி போக 8 லட்சம். அதில் வங்கி தன் பாதுகாப்புக்காக ஒதுக்கும் 25 சதவீத மார்ஜின் கழித்தால் 6 லட்சம். பாக்கியில் 90 நாள் தாண்டியதைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். மீதி 30 லட்சத்தில் 40 சதவீதம் கழித்தால் 18 லட்சம். ஆக 24 லட்சம். மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும், உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். இந்தக் கணக்குப்படி, ஏற்கெனவே எடுத்த 20 லட்சம் போக உங்களுக்கு இடம் இருப்பது 4 லட்சத்துக்குத்தான். 6 லட்சம் கேட்டால் இழுபறியாகும்.

மீதி 2 லட்சத்தை அந்தப் பழைய 5 லட்சத்திலிருந்து வசூலியுங்கள். அது கணக்கில் சேராத பாக்கி என்பதால், வசூலித்தாலும் ட்ராயிங் பவர் குறையாது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

கடிதம் ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்: "நூல் கொள்முதலுக்காக ரூ.4 லட்சம் அட்ஹாக் லிமிட், 60 நாட்களுக்கு வேண்டுகிறேன். இணைப்பில் உள்ள மூன்று பில்களின் தொகை இந்தக் காலத்துக்குள் இதே கணக்கில் வரவாகும்." இணைப்பில் பில் எண், தேதி, தொகை, வர வேண்டிய நாள் இருக்கட்டும். அந்தக் கடைகள் முன்பு சொன்ன நாளில் பணம் போட்டதை பாஸ்புக்கில் கோடிட்டுக் காட்டுங்கள். இந்த மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், அளவும் விலையும் டெலிவரி தேதியும் உள்ள ஆர்டர் காப்பி ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்டேட்மென்ட்டில் உள்ள விற்பனையும் ஜி.எஸ்.டி.யில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

செக் திரும்பும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள். கிளை மேனேஜரின் அதிகாரத்துக்கு மேல் போனால் மண்டல அலுவலகம் வரை செல்லும், நாளாகும். கிடைத்த பிறகு அந்த மூன்று பில் பணமும் வேறு வங்கிக் கணக்குக்குப் போக விடாதீர்கள். அடுத்த முறை கேட்கப் போகும்போது மேனேஜர் முதலில் பார்ப்பது அந்த வரவைத்தான்.