கடைசி ஒரு மணி நேரம் லாபமா, நஷ்டமா?

"இரவு 10 மணிக்குக் கடை அடைக்கிறேன். கடைசி மணி நேரத்தில் சராசரியாக 2,000க்கு விற்கிறது. அப்போது வேலையில் இருக்கும் மூன்று பேருக்குச் சம்பளம் 360தான். 100க்கு விற்றால் சரக்கு விலை போக 20 நிற்கும். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லை. 9 மணிக்கே அடைக்கலாமா? கூட்டாளியான என் மைத்துனர், வருகிற வியாபாரத்தை விடாதே என்கிறார்."

2,000ஐயும் 360ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் உங்களை ஏமாற்றுகிறது. அந்த 2,000இல் 1,600 சரக்குக்குப் போய்விடும். உங்களுக்கு நிற்பது 400. சம்பளம் 360, விளக்குக்கும் ஏசிக்கும் தோராயமாக 50 என்று வைத்தால் செலவு 410. ஆக, தினமும் 10 கைவிட்டுப் போகிறது. வாடகையை இதில் சேர்க்காதீர்கள்; எப்போது அடைத்தாலும் அது மாறாது.

இந்தச் சராசரியையும் அப்படியே நம்ப வேண்டாம். பில்லில் நேரம் இருக்கிறதே, ஒரு மாதத்து பில்களை எடுத்து வார நாள், சனி ஞாயிறு என்று பிரியுங்கள். வார நாளில் 1,500, சனி ஞாயிறில் 3,250 என்று வந்தாலும் சராசரி அதே 2,000தான். அப்படியானால் வார நாளில் தினம் 110 நஷ்டம், சனி ஞாயிறில் தினம் 240 லாபம். வார நாளில் மட்டும் சீக்கிரம் அடைத்தால் போதும். விற்பனையைக் கணித்துச் சொல்கிறோம் என்று மாதச் சந்தா கேட்கும் செயலிகள் இப்போது நிறைய வருகின்றன. பில் கட்டு கையில் இருக்க அதற்கு எதற்குப் பணம்?

முக்கியமான சிக்கல் வேறு. 9 மணிக்கு அடைத்தால் அந்த 360 நிஜமாகவே குறையுமா? மணிக்கணக்கில் சம்பளம் என்றால் குறையும். மாதச் சம்பளம் என்றால் ஒரு காசுகூட மிஞ்சாது. மின்செலவு 50 மிச்சமாகும், வார நாளில் வரும் 300 போய்விடும். அப்போது திறந்து வைப்பதே சரி. இன்னொன்று, கடைசி மணி நேரத்தில் ஆள் வராத இடைவெளியில்தான் கல்லாக் கணக்கும் சரக்கு அடுக்குவதும் நடக்கிறதா? அந்த வேலை 9 மணிக்கு மேல் தொடரும், சம்பளமும் தொடரும். மூவரில் ஒருவரை மட்டும் 9 மணிக்கு அனுப்பினால் செலவு 290 ஆகிறது. வார நாளிலும் ஏறக்குறைய சரிக்குச் சரி.

மைத்துனர் பயப்படும் அளவுக்கு வியாபாரம் போகாது. வழக்கமாக வருபவர்களில் சிலர் முன்கூட்டியே வந்துவிடுவார்கள். எத்தனை பேர் என்பது அடைத்துப் பார்த்தால்தான் தெரியும். வாசலில் புது நேரத்தை எழுதி வைத்து, நாலு வாரம் வார நாளில் மட்டும் 9 மணிக்கு அடையுங்கள். அப்புறம் முந்தைய நாலு வாரத்தோடு ஒப்பிடுங்கள், திங்களோடு திங்கள், செவ்வாயோடு செவ்வாய். பார்க்க வேண்டியது 8 முதல் 9 வரையிலான விற்பனையை அல்ல. முழு நாளில் சரக்கு விலையும் சம்பளமும் மின்செலவும் போக நின்ற தொகையை. அந்தத் தாளை மைத்துனரிடம் கொடுங்கள்.