1-0-1 மாத்திரை அட்டவணையைக் காலை, மதியம், இரவு எனப் பிரிப்பது

"மருந்துச்சீட்டைப் போட்டோ எடுத்து கூகுள் ஷீட்ஸில் ஏற்றினேன். 1-0-1 சரியாக இருக்கிறது, 1-1-1 மட்டும் தேதியாகிவிட்டது. மூன்று பத்தியாக எப்படிப் பிரிப்பது?"

பூஜ்ய மாதம் கிடையாது, அதனால் 1-0-1 தப்பியது. 1-1-1 மட்டும் 2001 ஜனவரி 1 ஆகிவிட்டது. 1-0-1 போன்ற அளவுகள் உள்ள B பத்தியை முதலில் Plain text ஆக்கிவிட்டு மறுபடி ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் தேதிதான் எழுத்தாக நிற்கும். பிறகு C2-இல் இதை இட்டு, கடைசி வரி வரை கீழே இழுங்கள், ஒவ்வொரு வரியிலும் மூன்று பத்தியும் நிரம்பும்:

```
=REGEXEXTRACT(B2,"^([0-9/.½]+)-([0-9/.½]+)-([0-9/.½]+)$")
```

SPLIT வேண்டாம், 1/2-0-1/2 வந்தால் அரை மாத்திரையையும் தேதியாக்கிவிடும்.

பூஜ்யம் O என்றோ, சிறுகோடு நீளமாகவோ படிக்கப்பட்டிருந்தால் #N/A வரும். 1-1-1-1 என்ற நான்கு வேளையும் அப்படியே. அந்த வரிகளைக் கையால் திருத்துங்கள். ஆனால் 1-ஐ 7 என்று படித்திருந்தால் பிழை காட்டாது. ஒவ்வொரு வரியையும் மூலச்சீட்டோடு ஒப்பிடாமல் மாத்திரை கொடுக்க வேண்டாம்.